குப்பையில் கிடந்த எச்சரிக்கை மெயில்கள்: மேலூர் ஸ்டுடியோ கணக்கை மீட்ட பதிவு

ஆவணி முகூர்த்தம் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு மேலூரிலிருந்து மதினி போன் பண்ணினார். பெரியப்பா மகன் அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நான் ஒத்தக்கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால், அந்த வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் முதல் போன் வரும்.

“தம்பி, ராத்திரி ரெண்டே முக்காலுக்கு பாப்பாவுக்கு ஏதோ மெயில் வந்திருக்காம். அப்பா கணக்குல இருந்து அவ மெயிலை எடுத்தாச்சுன்னு போட்டிருக்காம். ஒங்க அண்ணன் நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தாரு, அவரு எடுக்கல. பின்ன யாரு எடுத்தா?”

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பாப்பா திருச்சியில் காலேஜில் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனுடைய கூகுள் கணக்குக்கு மீட்பு மெயிலாக அவளுடைய முகவரியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். கணக்கில் யாராவது புதிதாக நுழைந்தாலோ, மீட்பு விவரத்தை மாற்றினாலோ, அவளுக்கும் ஓர் எச்சரிக்கை போகும். திருடன் அண்ணனுடைய இன்பாக்ஸில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம். திருச்சியில் இருக்கிற பெண்ணின் இன்பாக்ஸை அவனால் தொட முடியாது. அந்த ஒரு மெயில்தான் எங்களைக் காப்பாற்றியது.

மதினியிடம் இரண்டே விஷயம் சொன்னேன். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் நெட் வயரை உருவிவிட வேண்டும். நான் வருகிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் எந்தப் பாஸ்வேர்டையும் அடிக்கக் கூடாது. பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவதுதான். கோளாறே அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால், புதுப் பாஸ்வேர்டையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எட்டரைக்கு மேலூர் போய்ச் சேர்ந்தேன். எதையும் தொடுவதற்கு முன்னால் அண்ணனை உட்கார வைத்து, போன வாரம் முழுக்க நடந்ததை ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் போனில் இன்ஸ்டாகிராம் தானாக வெளியே வந்து பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் தப்பு என்கிறது. தனக்கு மறந்துவிட்டது போல என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். அன்று ராத்திரியே ஆறு இலக்கக் கோடு ஒன்று எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. “கல்யாண வேலைல அதெல்லாம் யாரு பாத்தா தம்பி” என்றார்.

பாப்பாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே அவளுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது, அப்பா கணக்கில் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து புதிய நுழைவு என்று. ஸ்டுடியோ கம்ப்யூட்டராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்காக அதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பழகிய இயந்திரத்துக்குப் ‘புதிய நுழைவு’ என்று மெயில் வந்தால், ஒன்று அந்த பிரவுசரில் குக்கியை யாராவது அழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு இயந்திரமாக இருக்க வேண்டும்.

இப்போது நடந்தது என்ன என்று புரிந்தது. ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எஸ்.எம்.எஸ். மூலமான இரண்டு படி உள்நுழைவைப் பாப்பா எப்போதோ போட்டு வைத்திருந்தாள். அப்படிப் போட்ட பிறகு, பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் இரண்டாவது படிக்கான கோடு வரும். பழைய பாஸ்வேர்டு செல்லவில்லை, கோடும் வந்திருக்கிறது. அப்படியென்றால் ஒருவன் பாஸ்வேர்டை மாற்றி, அந்தப் புதுப் பாஸ்வேர்டை வைத்து உள்ளே போகப் பார்த்து, கோடு கையில் இல்லாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். மாற்றுவதற்கான இணைப்பு அண்ணனுடைய மெயிலுக்கோ போனுக்கோதான் வரும். போன் அண்ணன் கையிலேயே இருக்கிறது. ஆக, மெயில் அவன் கையில் இருக்கிறது. மெயிலுக்கு இரண்டு படி போடவில்லை. திண்ணைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

கேட்காமல் வந்த கோடு மட்டும் இருந்தால் இப்படி முடிவு கட்ட முடியாது. யாராவது ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்ற இடத்தில் நம் எண்ணைத் தட்டினாலும் கோடு வரும், அதில் பெரிய ஆபத்தில்லை. கோடும், பழைய பாஸ்வேர்டு செல்லாமல் போனதும் ஒரே நாளில் சேர்ந்து வந்ததுதான் இங்கே உறுதியான அடையாளம்.

அடுத்தது வரிசை. இதில் அவசரப்பட்டு உடனே இரண்டு படியைப் போட்டுவிடக் கூடாது. உள்ளே ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய மீட்பு மெயில் கணக்கில் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் போடுவது, திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை. முதலில் அவனை வெளியேற்ற வேண்டும், அவன் வைத்துவிட்டுப் போன வழிகளை அடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பூட்டு.

வேலையை அண்ணனுடைய போனிலேயே, வீட்டு வைஃபையிலேயே ஆரம்பித்தேன். என் லேப்டாப் வசதிதான். ஆனால் இந்த மாதிரி மாற்றங்களுக்குக் கணக்குக்குப் பழக்கமான போனும் பழக்கமான இடமும் இருந்தால் கூகுள் சீக்கிரம் நம்பும். புது இயந்திரத்திலிருந்து போனால், உரிமையாளரையே சந்தேகப்பட்டுக் காக்க வைப்பதும் உண்டு.

myaccount.google.com போய், பாதுகாப்புப் பகுதியில் “Manage all devices” திறந்தேன். மூன்று வரிகள் இருந்தன. அண்ணனுடைய போன், ஒரு விண்டோஸ், இன்னொரு விண்டோஸ். அண்ணன் முதலில் பதறியது தன்னுடைய போனைப் பார்த்துத்தான். “தம்பி, இது சென்னைன்னு போட்டிருக்கு, நான் சென்னைக்குப் போயி ரெண்டு வருசமாச்சு!” அதில் பயமில்லை. மொபைல் நெட்டில் இருக்கும்போது நம் இணைய முகவரி பெரும்பாலும் சென்னைக் கணக்கில்தான் வரும். ஊர்ப் பெயரை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது. நல்ல ஆளைச் சந்தேகப்படவும் வைக்கும், கெட்டவன் பக்கத்து ஊர் மாதிரி தெரியவும் முடியும். பார்க்க வேண்டியது இயந்திரத்தின் வகையும், முதலில் நுழைந்த நேரமும். ஒரு விண்டோஸ் பல மாதங்களாக இருக்கிறது, அது ஸ்டுடியோ. இன்னொன்று செவ்வாய்க்கிழமை நுழைந்தது.

உடனே வெளியேற்றாமல் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு புகார் கொடுக்க வேண்டியிருந்தால் இந்தத் தேதியும் நேரமும்தான் கையில் இருக்கும், வெளியேற்றிய பிறகு அந்த விவரம் கிடைக்குமா என்று நம்பி இருக்க முடியாது. பிறகு போனிலேயே பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றியதும் பெரும்பாலான இடங்களில் கணக்கு தானாக வெளியே வந்துவிடும், ஆனால் சில விதிவிலக்குகள் உண்டு. அதனால் பட்டியலுக்குத் திரும்பிப் போய் அந்தச் செவ்வாய்க்கிழமை விண்டோஸைத் தனியாகத் தட்டி வெளியேற்றினேன். ஸ்டுடியோ கம்ப்யூட்டரையும் சேர்த்தே வெளியேற்றினேன்.

மீட்பு மெயில் இருக்கிற இடத்தில் பாப்பாவின் முகவரி மாதிரியே ஒன்று இருந்தது. ஒற்றை எழுத்து கூடுதல், அவ்வளவுதான். வேகமாகப் பார்த்தால் நாமே போட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். மதினிதான் போனை வாங்கி, பாப்பா அனுப்பிய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து ஒப்பிட்டார். அதை நீக்கி, பழையபடி பாப்பாவின் முகவரியைப் போட்டோம். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மீட்பு எண்ணையோ மெயிலையோ மாற்றினால், பழையதற்கும் 7 நாள் வரைக்கும் கூகுள் கோடு அனுப்பக் கூடும். திருடன் நம் விவரத்தை எடுத்துவிட்டாலும் நமக்கு ஒரு வாரம் கதவு திறந்திருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் நாம் நீக்கிய திருடன் முகவரிக்கும் அதே வாய்ப்பு இருக்கலாம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதனால் அடுத்த ஒரு வாரம் கண்காணிப்பு வாரம் என்று காலண்டரில் குறித்து வைத்தேன்.

இதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். ஜிமெயிலில் ஃபில்டர் பட்டியல் போன் ஆப்பில் தெரியாது, கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் பார்க்க வேண்டும். திருடர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் வருடக்கணக்கில் கவனிக்க மாட்டார். அமைப்புகளுக்குள் “Filters and Blocked Addresses” போனால், அண்ணன் வாழ்நாளில் ஒரு ஃபில்டர்கூடப் போட்டதில்லை, அங்கே ஒன்று இருந்தது.

```
Matches: from:(instagram.com OR accounts.google.com)
Do this: Skip Inbox, Mark as read, Delete it
```

இரண்டே வரி. இன்ஸ்டாகிராமிலிருந்தோ கூகுள் பாதுகாப்புப் பகுதியிலிருந்தோ எந்த மெயில் வந்தாலும் இன்பாக்ஸைத் தொடாமல், படித்ததாகக் குறித்து, நேராகக் குப்பைக்குத் தள்ளு என்பதுதான் பொருள். அண்ணனுடைய போனில் ஒரு மணிச் சத்தம்கூட வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். ‘பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், எல்லாம் சரி’ என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இரண்டாவது முறை அடி விழுவது இங்கேதான்.

குப்பைக்குத் தள்ளிய மெயில் 30 நாள் அங்கேயே கிடக்கும். ஜிமெயில் தேடல் பெட்டியில் இதை அடித்தேன்:

```
in:trash from:(instagram.com OR accounts.google.com)
```

வாரம் முழுக்க நடந்தது தேதிவாரியாக வந்து நின்றது. செவ்வாய்: புதிய நுழைவு. வியாழன் சாயங்காலம்: இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு மாற்ற இணைப்பு, அதன் பிறகு ‘உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது’. சனி அதிகாலை: மீட்பு மெயில் மாற்றம். அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்தார். “இத்தனை தடவை தட்டிச் சொல்லியிருக்கு, நமக்குக் காதுல விழல பாரேன்” என்றார். குப்பையைக் காலி செய்ய அவன் மறந்திருக்கிறான். எப்போதும் மறப்பான் என்று நம்ப முடியாது. தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

படம் எடுத்துக்கொண்டு ஃபில்டரை அழித்தேன். அதே அமைப்புகளில் இன்னும் சில கதவுகள் உண்டு. “Forwarding and POP/IMAP” பக்கத்தில் வேறு முகவரிக்கு நகல் போகிறதா என்று பார்த்தேன், இல்லை. “Accounts and Import” பக்கத்தில் வேறு யாருக்காவது இந்த மெயிலைத் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கூகுள் கணக்கோடு இணைந்திருக்கும் வெளி ஆப்களில் மட்டும் அண்ணனுக்கே நினைவில்லாத இரண்டு இருந்தன. திருடன் போட்டதாகத் தெரியவில்லை, பழைய வீடியோ எடிட்டிங் ஆப்கள். இருந்தாலும் எடுத்துவிட்டேன்.

பதினொரு மணி ஆகியிருந்தது. மதினி சூடாகப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். இனிமேல்தான் பூட்டு.

இரண்டாவது படிக்கு எஸ்.எம்.எஸ். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்றுமே இல்லாததற்கு எஸ்.எம்.எஸ். எவ்வளவோ மேல், இன்ஸ்டாகிராம் பக்கத்தை இந்த வாரம் காப்பாற்றியதே அதுதான். ஆனால் அண்ணனுடைய எண் கடைப் பலகையில் இருக்கிறது, விசிட்டிங் கார்டில் இருக்கிறது, அவர் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு கல்யாண ஆல்பத்தின் பின் அட்டையிலும் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் பாதி வீட்டில் அந்த எண் கிடக்கிறது. ஏமாற்றி நம் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் எல்லாக் கோடும் அவனுக்குத்தான் போகும். அப்படி நடந்தால் முதலில் தெரிகிற அடையாளம், பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு சிக்னல் இருக்கும்போது நம் போனில் மட்டும் சிக்னல் அடியோடு போய்விடுவது. அரை மணி நேரம் அப்படி இருந்தால் டவர் கோளாறு என்று உட்கார்ந்திருக்காமல், வேறு போனிலிருந்து கம்பெனிக்குக் கூப்பிட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி வைத்தேன்.

அதனால் ஆதென்டிகேட்டர் ஆப். திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். அதற்குள் ஒரு நீளமான ரகசியச் சொல் இருக்கிறது. ஆப் அதைப் படித்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக் கடிகாரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் காட்டும். கூகுளும் அதே ரகசியத்தையும் அதே நேரத்தையும் வைத்து அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். நெட் வேண்டாம், சிம் வேண்டாம். சிக்னலே கிடைக்காத மண்டபத்துக்குள் நின்றாலும் வேலை செய்யும். போன் கடிகாரம் சில நிமிடம் முன்னே பின்னே இருந்தால் மட்டும் கோடு தப்பு என்று சொல்லும், நேரத்தைத் தானியங்கியில் வைத்துவிட்டால் போதும். இதற்கான கணக்குமுறை 2011-லேயே பொது விதிமுறையாக வந்துவிட்டதால் எந்த ஆதென்டிகேட்டர் ஆப்பும் சரிதான்.

கியூஆர் திரையில் இருக்கும்போதே, அடுத்த பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அண்ணன் போன், மதினி போன் இரண்டிலும் ஸ்கேன் பண்ணினேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே எண், ஒரே நேரத்தில் மாறியது. மதினி அதையே இரண்டு மூன்று முறை மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இவரு போனத் தொலைச்சாலும் ஏங்கிட்ட இருக்கும்ல?” என்றார். அதுதான் நோக்கம். கல்யாண வீட்டில் போன் காணாமல் போவது அண்ணனுக்குப் புதிதில்லை. தன் கணக்கிலேயே தான் பூட்டப்பட்டு நிற்பது திருட்டைவிடக் கொடுமை, நான் கடையில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஆப்பைத் திறக்கும்போது கூகுள் கணக்கோடு இணைத்து நகல் வைக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று கொடுத்தேன். இந்தக் கணக்கைத் திறக்கிற சாவியை இந்தக் கணக்குக்குள்ளேயே வைத்தால், வெளியே நிற்கும்போது சாவி உள்ளே இருக்கும்.

பிறகு, போன் கையில் இல்லாத நாளில் நுழைவதற்கான பேக்கப் கோடுகள். கூகுள் 10 கோடு கொடுக்கும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பயனில்லை. போன் போனால் அதுவும் போகும். போட்டோக்கள் கூகுளில் ஏறுகிற போனாக இருந்தால் கணக்குக்குள் வந்தவன் அங்கேயே பார்த்துவிடுவான். பாப்பாவின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மதினி தன் கையால் எழுதினார். நான் வாசிக்க அவர் எழுத, எழுதியதை அவர் திருப்பி வாசிக்க நான் திரையில் சரிபார்த்தேன். 1-க்கும் 7-க்கும் அவர் கையெழுத்தில் குழப்பம் வந்தது. 7-க்கு நடுவில் குறுக்கே சின்னதாக ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். அந்தத் தாள் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு போனது.

எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஒருமுறை நிஜமாகவே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பில் கணக்கை விட்டு வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். பாஸ்வேர்டுக்குப் பிறகு கோடு கேட்டது. வேறு வழி என்பதைத் தட்டி, பீரோத் தாளில் முதல் எட்டு இலக்கத்தை மதினி வாசிக்க அடித்தேன். திறந்தது. அந்த வரியை அவர் பேனாவால் அடித்தார். மீதி ஒன்பது. இந்தச் சோதனையை நான் எந்த வீட்டிலும் விடுவதில்லை. தாளில் ஓர் எண் தப்பாக இருந்தால் அது தெரிய வேண்டியது இன்றைக்கு, போன் தொலைந்த நாளில் இல்லை.

அண்ணன் போனில் பாஸ்கீயும் போட்டேன். பாஸ்வேர்டை அடிக்காமல், போன் பூட்டைத் திறக்கிற அதே விரல் ரேகையால் கணக்குக்குள் நுழைகிற முறை அது. காரணம், ஆதென்டிகேட்டர் கோடுக்கும் ஓர் ஓட்டை உண்டு. கூகுள் மாதிரியே செய்த போலிப் பக்கத்தில் கோட்டை அடித்துவிட்டால், அதை அந்த அரை நிமிடத்துக்குள் நிஜப் பக்கத்தில் அவன் அடித்துவிடலாம். பாஸ்கீ எந்த முகவரிக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். போலிப் பக்கத்தில் விரல் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. ஏமாறாமல் இருக்கிற பொறுப்பை மனிதர் தலையில் போடாத முறை இது, அதனால்தான் எனக்கு இதன் மேல் பிரியம்.

இன்ஸ்டாகிராம் வேலை சீக்கிரம் முடிந்தது. மெயில் நம் கைக்கு வந்துவிட்டதால் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனோம். பதிவு செய்த மெயிலும் எண்ணும் மாறவில்லை. எங்கெங்கே உள்நுழைந்திருக்கிறது என்ற பட்டியலில் அண்ணன் போன் மட்டும். அங்கேயும் ஆதென்டிகேட்டரைப் போட்டேன்.

அடுத்தது ஸ்டுடியோ கம்ப்யூட்டர். செவ்வாய்க்கு முந்திய நாள் என்ன இறக்கினீர்கள் என்று கேட்டேன். ஆல்பம் டிசைன், ஏதோ ஒரு குரூப்பில் இலவசமாக வந்தது. நெட் வயர் இல்லாமலே ஆன் பண்ணி டவுன்லோடு ஃபோல்டரைப் பார்த்தேன். பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப். உள்ளிருப்பதை ஆன்டிவைரஸ் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பூட்டி, பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதி அனுப்புவார்கள். பிரித்த ஃபோல்டரில் ஏழெட்டு நிஜ டிசைன்கள், நடுவில் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஐகானோடு ஒன்று. எக்ஸ்ப்ளோரரில் “View”, “Show” போய் “File name extensions” போட்டதும் முழுப் பெயர் தெரிந்தது:

```
Album_12x36_Design07.psd.scr
```

கடைசி மூன்றெழுத்துதான் உண்மையான வகை. `.scr` என்பது ஓடக்கூடிய நிரல். அண்ணன் அதை இரண்டு முறை கிளிக் பண்ணியிருக்கிறார், ஒன்றும் திறக்கவில்லை, ஃபைல் கெட்டுப்போனது என்று விட்டுவிட்டார். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிற வேலை அந்த நேரத்தில் முடிந்திருக்கும்.

இந்த வகை நிரல்கள் பாஸ்வேர்டோடு குக்கிகளையும் எடுக்கும். உள்நுழைந்த பிறகு பிரவுசர் வைத்துக்கொள்கிற அனுமதிச் சீட்டு அது. அந்தச் சீட்டோடு வருகிறவனிடம் கோடு கேட்க மாட்டார்கள், ஏனென்றால் கோடு கேட்டு முடித்த பிறகு கொடுத்ததுதான் அந்தச் சீட்டு. அதனால் இரண்டு படி முதலிலேயே இருந்திருந்தாலும் இந்தத் திருட்டை முழுக்கத் தடுத்திருக்கும் என்று நான் அண்ணனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றுவதுதான் சீட்டைச் செல்லாததாக்கும். ஸ்டுடியோ கம்ப்யூட்டரையும் பட்டியலிலிருந்து வெளியேற்றியது அதற்காகத்தான்.

கல்யாண போட்டோக்களை மட்டும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொண்டு, வேறு எந்த நிரலையும் எடுக்காமல், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். சுத்தம் செய்கிற மென்பொருள் ஓட்டிப் பார்க்கலாமே என்று அண்ணன் கேட்டார். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. பிரவுசரில் சேமித்திருந்த மற்றப் பாஸ்வேர்டுகளை, பேங்கில் ஆரம்பித்து, மதினி தன் போனில் ஒவ்வொன்றாக மாற்றினார். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ணுவதாக இருந்திருக்கும். எடுத்து வைத்த படங்களோடு cybercrime.gov.in-இல் ஒரு புகார் மட்டும் பதிந்தோம்.

கண்காணிப்பு வாரத்தில் இரண்டு முறை போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாதனப் பட்டியலில் புது விண்டோஸ் ஒன்று இருக்கிறது என்று மதினி பதறினார். நேரத்தைக் கேட்டேன், சனி சாயங்காலம் ஆறு மணி. நாங்கள் புதிதாக விண்டோஸ் போட்டு நுழைந்த நேரம், கவலையில்லை. செவ்வாய் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது வேறு மாதிரி. அண்ணன் போனுக்கு `G-` என்று ஆரம்பிக்கிற ஆறு இலக்கக் கோடு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. உள்ளே நுழைய எஸ்.எம்.எஸ். வழியை நாங்கள் வைக்கவே இல்லை. ஆக, அது பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி மீட்பு வழியாக யாரோ தட்டிப் பார்த்தது. சாதனப் பட்டியலிலும் மீட்பு விவரத்திலும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மதினியைப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்றார். கோட்டை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும்.

ஆனால் அந்த எஸ்.எம்.எஸ். ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. மீட்பு எண்ணாக இன்னும் இருந்தது அந்தப் பலகை எண்தான். மறுநாள் அண்ணன் புதிதாக ஒரு சிம் வாங்கினார். அதை மதினி போனின் இரண்டாவது இடத்தில் போட்டு, மீட்பு எண்ணாக மாற்றினோம். அந்த எண்ணை வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை, ஆல்பத்தில் அச்சடிப்பதுமில்லை. ரீசார்ஜ் தேதியைப் பேக்கப் கோடு இருக்கிற அதே தாளின் அடியில் மதினி எழுதி வைத்திருக்கிறார்.